வேப்பம்பூ இல்லாத படம்

இந்தப் படத்தில் இருப்பவை இரண்டு கைகள், அவற்றுக்குப் பின்னால் சற்றே சாய்ந்த கடல், கீழே கருங்கல்லின் மேல் ஒன்றாகிப்போன இரு நிழல்கள். ஒரு கை என்னுடையது. பதினோரு ஆண்டுகளாகச் சாக்பீஸ் பிடித்து விரல்நுனிகள் வறண்டுபோன அந்தக் கையை என் மாணவியர் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொள்வார்கள் என்பதால் அதை மறைப்பதில் பொருளில்லை. மற்றொரு கை யாருடையது என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. அதன் பெருவிரல் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிவப்புத் துணுக்கு வேர்க்கடலைத் தோல். படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பவர்கள் அதைக் காயம் என்று எண்ணிப் பதற வேண்டாம். ஒரு பொட்டலத்தைக் கடைசிக் கடலை வரை இருவர் பகிர்ந்துகொண்டதன் மிச்சம் அது.

இடத்தைச் சொல்வதற்குத் தடை ஏதும் இல்லை. தரங்கம்பாடி. மாசி மாதத்து ஒரு சனிக்கிழமை, மாலை ஐந்தரை மணி. நகர வாயிலைக் கடந்து, தேவாலயங்களைத் தாண்டி, டேனியர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டையின் மதிலோரமாக நடந்து, கடல் தன் முன்பகுதியை வாங்கிக்கொண்டுவிட்ட மாசிலாமணிநாதர் கோயிலுக்கு வந்து சேர்ந்திருந்தோம். கீழைக்கடற்கரையில் மாலை நேரம் எனக்கு எப்போதும் பிடிக்கும். கதிரவன் முதுகுக்குப் பின்னால், ஊருக்குள் இறங்கிக்கொண்டிருப்பதால், கரையில் நிற்பவர்களின் நிழல் அவர்களுக்கு முன்பாகவே கடலை நோக்கி நீண்டு கிடக்கும். கோயிலைக் காப்பதற்காக அங்கே பெரிய பெரிய கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அலை தொடுகிற கற்களில் பாசி படிந்து வழுக்குகிறது. ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குக் கால் வைக்க நான் தயங்கியபோது முன்னால் சென்றவர் திரும்பிக் கையை நீட்டினார். பிடித்துக்கொண்டு தாண்டினேன். அடுத்த கல்லில் பாசி இல்லை; காய்ந்து, சொரசொரப்பாக, அகலமாக இருந்தது; அங்கே எவர் துணையும் இல்லாமல் ஒரு குழந்தைகூட நிற்கலாம். இருந்தும் இருவருமே கையை விடவில்லை. அதைப் பற்றி இருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை. சிறிது நேரம் கழித்து, இடக்கையால் செல்பேசியை எடுத்து நான் பிடித்த படம் இது. பழக்கமில்லாத கையால் எடுத்ததனால்தான் கடல் சாய்ந்திருக்கிறது.

ஊரைச் சொல்கிறாய், மணியைச் சொல்கிறாய், பேரை மட்டும் ஏன் ஒளிக்கிறாய் என்று உரிமையோடு கேட்கக்கூடியவர்கள் உங்களில் பலர் இருக்கிறீர்கள். நான் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிற பாடத்திலிருந்துதான் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அகத்திணையில் நிலமும் பொழுதும் முதற்பொருள். அவற்றை எவ்வளவு நுணுக்கமாக வேண்டுமானாலும் சொல்லலாம். பூவையும் பறவையையும் நண்டையும் சொல்லலாம். அன்பு கொண்ட இருவரின் இயற்பெயரை மட்டும் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பியர் வகுத்த வரம்பு. பெயர் வந்துவிட்டால் அந்தப் பாட்டு அகத்தை விட்டு வெளியேறிவிடும். பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையை மாணவியருக்கு நடத்தும்போதெல்லாம் இந்த இடத்தில் நான் சற்று நின்றுவிடுவது வழக்கம். கூதிர்காலத்து நள்ளிரவில் தலைவனைப் பிரிந்து உறக்கமின்றிக் கிடக்கும் அரசியையும், பாசறையில் அதே இரவில் உறங்காமல் புண்பட்ட வீரர்களைப் பார்த்து வரும் அரசனையும் நக்கீரர் 188 அடிகளில் பாடுகிறார். ஓரிடத்தில்கூட எவர் பெயரும் இல்லை. ஆனாலும் வேலின் தலையில் வேப்பம்பூ மாலை கட்டியிருந்தது என்று ஒரே ஓர் அடையாளத்தைச் சொல்லிவிட்டார். வேம்பு பாண்டியர்க்கு உரிய பூ. அந்த ஒரு பூவினால் அந்தப் பாட்டு அகம் ஆகாமல் போயிற்று என்று நச்சினார்க்கினியர் உரை எழுதினார்.

இந்தப் படத்திலும் ஒரு வேப்பம்பூ இருந்தது. அந்தக் கையின் மணிக்கட்டில் இருந்த கடிகாரம் அது. உங்களில் நான்கைந்து பேருக்காவது அந்தக் கடிகாரம் தெரியும். அதன் பழைய தோல்வாரைக் கண்ட மறுகணமே பெயர் உங்கள் நாவுக்கு வந்திருக்கும். ஆகவே மணிக்கட்டுக்குச் சற்று முன்னதாகவே படத்தை வெட்டியிருக்கிறேன். உள்ளங்கையில் ஒரு தழும்பும் உண்டு. அது எப்படி உண்டானது என்று எழுதினால் செய்யும் தொழில் தெரிந்துவிடும், தொழில் தெரிந்தால் ஊர் தெரிந்துவிடும். எனவே அதை நான் மட்டுமே தொட்டு அறிந்ததாக இருக்கட்டும். பால் காட்டாத 'அவர்' என்னும் ஒரு சொல்லைத் தமிழ் நமக்குத் தந்திருப்பதை இந்த மாதங்களில் நான் பலமுறை நன்றியோடு நினைத்துக்கொண்டேன். மரியாதையும் அதில் இருக்கிறது, மறைவும் அதில் இருக்கிறது.

இன்னொன்றையும் இங்கேயே தெளிவுபடுத்திவிட வேண்டும். கைப்பிடித்தல் என்றால் நம் மொழியில் மணம் செய்துகொள்ளுதல் என்றும் பொருள். 'யார் கையைப் பிடிக்கப் போகிறாளோ' என்று என் பாட்டி சொல்லிச் சொல்லிக் கவலைப்பட்டது அந்தப் பொருளில்தான். இந்தப் படத்தை அப்படி வாசிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நாள் குறிக்கவில்லை, மண்டபம் பார்க்கவில்லை, அதைப் பற்றி நாங்கள் இன்னும் பேசக்கூட இல்லை. ஒருவரையொருவர் அறிந்துகொண்டிருக்கிறோம்; அதற்கு வேண்டிய காலத்தை எடுத்துக்கொள்ள விரும்புகிறோம். வீட்டில் தெரியுமா என்று கவலைப்படும் பெரியவர்களுக்கு: தெரியும். தலைவி தோழியிடமும், தோழி செவிலியிடமும், செவிலி நற்றாயிடமும் உண்மையை உரைப்பதை இலக்கணம் அறத்தொடு நிற்றல் என்று முறைப்படுத்தி வைத்திருக்கிறது. என் வீட்டில் அந்த முறை தலைகீழாகிவிட்டது. முதலில் அம்மாவிடம்தான் சொன்னேன். அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, "சாப்பிட்டுக்கொண்டே சொல், முழுவதும் சொல்" என்றார். அக்காவுக்கு அடுத்த நாள்தான் தெரிந்தது. அந்தக் கோபம் இன்னும் முழுதாகத் தணியவில்லை.

இவ்வளவு எச்சரிக்கை எதற்கு என்பதற்கும் காரணம் உண்டு. ஏழு ஆண்டுகளுக்கு முன்பு, அப்போது நான் வேலை பார்த்த ஊரில், ஒரே பேருந்தில் வந்து போனதைத் தவிர வேறெதுவும் இல்லாத ஒரு நட்பை ஊரார் வாயில் போட்டு மென்றார்கள். சிலர் கண்ணால் மட்டும் பேசிக்கொள்ளும் நிலையை அம்பல் என்றும், பலர் வாய்விட்டுப் பேசும் நிலையை அலர் என்றும் முன்னோர் பிரித்தார்கள்; அரும்பும் மலரும் போல. அந்த அரும்பு மலர்வதற்குப் பதினைந்து நாள்கூட ஆகவில்லை. அந்த நண்பர் வணக்கம் சொல்வதைக்கூட நிறுத்திக்கொண்டார், பிறகு மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அலரால் காதல் வளரும் என்று இலக்கணம் சொல்கிறது, திருக்குறளிலும் அதற்கென்று ஓர் அதிகாரம் இருக்கிறது. அவற்றை நான் மதிப்போடுதான் வகுப்பில் நடத்துகிறேன். ஆனால் என் வாழ்வில் அலர் எதையும் வளர்த்ததில்லை. காதலாக ஆகியிருக்கவே தேவையில்லாத ஒரு நல்ல நட்பை அது அழித்தது. அதனால்தான் இம்முறை மற்றவர்கள் சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன், சொல்லக்கூடிய அளவுக்கு மட்டும்.

ஆகையால் உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். யாராக இருக்கும் என்று இங்கே ஊகித்து எழுதாதீர்கள். எவர் பெயரையும் இந்தப் படத்தோடு இணைக்காதீர்கள். தவறாக ஊகித்தால் தொடர்பே இல்லாத ஒருவருக்கு வீட்டில் சங்கடம் நேரும். சரியாக ஊகித்துவிட்டால், தன் வீட்டாரிடம் தானே, தன் சொற்களில், தான் தேர்ந்த நாளில் சொல்ல வேண்டும் என்று காத்திருக்கும் ஒருவரின் வாயிலிருந்து அந்தச் சொற்களைப் பறித்ததாகிவிடும். ஏற்கெனவே அறிந்தவர்கள் மூவர். அவர்கள் இத்தனை நாளும் காத்துவந்த மௌனத்துக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். இரண்டாமாண்டு மாணவியருக்குத் தனியாக ஒன்று: திங்கட்கிழமை வகுப்பில் நெய்தல்தான் நடத்தப்போகிறேன், சிரிக்கலாம், கேள்வி கேட்கலாம், கேள்விகள் செய்யுளைப் பற்றியவையாக இருக்கட்டும்.

நெய்தலுக்கு உரியது இரங்கல். கடற்கரையில் மாலை வந்தால் பாட்டில் எவளோ ஒருத்தி வராத ஒருவனுக்காகக் கலங்கிக்கொண்டிருப்பாள். பல ஆண்டுகள் அந்தத் துறைகளை நடத்தும்போது எனக்குக் குரல் கம்மியதுண்டு. அதைக் கவனித்தவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். அன்றைய மாலையில் கடல் இருந்தது, கதிரவன் சாயும் எற்பாடு இருந்தது, இரங்கல் மட்டும் இல்லை. ஒரு நிலத்துக்குரிய ஒழுக்கம் இன்னொரு நிலத்தில் வருவதற்கு விலக்கில்லை என்றும் தொல்காப்பியர் சொல்லியிருப்பதால், கடலோரத்தில் நின்றுகொண்டு குறிஞ்சியின் மகிழ்ச்சியை உணர்ந்ததில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை.

இதை வெளியிடுவதற்கு முன்னால் படத்தையும் மேலே உள்ள சொற்களையும் அவருக்கு அனுப்பி, எதை நீக்க வேண்டும் என்று கேட்டேன். ஒரு மணி நேரம் பதில் இல்லை. அந்த ஒரு மணி நேரத்தில் நான் மூன்று முறை எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்று நினைத்தேன். பிறகு பதில் வந்தது: "எதையும் நீக்க வேண்டாம். கடலையும் நேராக்க வேண்டாம்."