உடைந்து வந்த கிரைண்டர்: 👍 அனுப்பியதைக் காட்டி மூடிய புகாரைத் திரும்பத் திறக்கவும்

பெறுநர்: குறைதீர்ப்புப் பிரிவு
நகல்: பீளமேடு புக்கிங் கிளை, பாலக்காடு ஹப்
நாள்: 15.11.2025, கொழிஞ்சாம்பாறை
டாக்கெட் எண்: 7140 2286 591

ஐயா / அம்மா,

12.11.2025 அன்று கோவை பீளமேடு கிளையில் புக் செய்த பார்சல் 14.11.2025 காலை 11.50க்குக் கொழிஞ்சாம்பாறையில் என்னிடம் வந்தது. பொருள், வீட்டு உபயோகத்துக்கான 2 லிட்டர் டேபிள் டாப் வெட் கிரைண்டர். பில் மதிப்பு 5,850 ரூபாய். கூரியர் கட்டணம் 420 ரூபாய். அதற்கு மேல் 2 சதவீத ரிஸ்க் கட்டணம் 117 ரூபாயும் கட்டியிருக்கிறது.

பெட்டியைத் திறந்ததும் கண்ட சேதம்:

உருளைக்கல் இரண்டில் ஒன்று விளிம்பில் 4 செ.மீ. நீளத்துக்குச் சில்லு பெயர்ந்திருக்கிறது. இதை ஓட்டினால் மாவில் கல்துகள் விழும், ஆகவே ஓட்டிப் பார்க்கவில்லை. டிரம்மின் வாய் ஓரிடத்தில் உள்ளே மடங்கி, கையால் சுற்றினாலே ஆடுகிறது. அடிப்பாகத்து பிளாஸ்டிக் பாடி, மோட்டார் பொருத்திய மூலையில் விரிசல் விட்டிருக்கிறது. மூன்றும் ஒரே பக்கம். அட்டைப்பெட்டியின் கீழ் மூலை நசுங்கியதும் உள்ளே தெர்மாகோல் பொடிந்ததும் அதே பக்கம்தான். மற்ற மூன்று மூலைத் தெர்மாகோலும் முழுசாக இருக்கின்றன; கற்கள் தனிக் குழியில்தான் இருந்தன. ஆகவே "பேக்கிங் சரியில்லை" என்ற பதில் இங்கே பொருந்தாது. பன்னிரண்டு கிலோ எடை அந்த ஒரு மூலையில் விழுந்திருக்கிறது. கடைக்காரர் ஒட்டிய நிறமில்லாத டேப்பின் மேல் உங்கள் நிறுவனப் பெயர் அச்சிட்ட டேப் இரண்டு சுற்று இருக்கிறது. அது எந்த இடத்தில், எதற்காக ஒட்டப்பட்டது என்பதையும் சொல்லுங்கள்.

14ஆம் தேதி மதியம் சொன்ன புகாருக்கு இன்று காலை வந்த பதில் இது: "பார்சலை நல்ல நிலையில் பெற்றதாக 👍 மூலம் உறுதி செய்துள்ளீர்கள். புகார் முடிக்கப்பட்டது 😊🙏".

உங்கள் வாட்ஸாப் செய்தி கேட்டது "பார்சல் கிடைத்ததா? கிடைத்திருந்தால் 👍 அனுப்பவும்" என்பதை மட்டுமே. கிடைத்தது, அனுப்பினேன், நேரம் 11.52. நல்ல நிலையில் இருக்கிறதா என்று அதில் ஒரு சொல்கூட இல்லை. பெட்டியைப் பிரித்த வீடியோ 12.10க்குத் தொடங்குகிறது. பிரிக்கும்வரை நிற்கச் சொன்னதற்கு டெலிவரி ஊழியர் அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று கிளம்பிவிட்டார். அவர் நீட்டிய போன் திரையில் கையெழுத்துப் போட இடமிருந்தது, "மூலை நசுங்கியிருக்கிறது" என்று எழுத இடமில்லை. பெட்டியின் நான்கு பக்கமும் கண்ணாடிக் கோப்பையும் மேல்நோக்கிய அம்பும் அச்சடித்திருக்கிறது. உங்கள் ஆட்கள் பார்த்திருக்க வேண்டிய படங்கள் அவை. அவற்றை விட்டுவிட்டு என் கட்டைவிரலைச் சாட்சிக்கு அழைக்கிறீர்கள். இனி இந்த டாக்கெட் சம்பந்தமாக நான் எந்த எமோஜியும் அனுப்பப் போவதில்லை. உங்கள் பதிலிலும் வேண்டாம். கைகூப்பும் படம் மன்னிப்பா, முடியாது என்பதா என்று வாசிப்பவரால் சொல்ல முடியாது.

கேட்பது:

1. புகாரைத் திரும்பத் திறந்து, கிளெய்ம் எண்ணை எழுத்தில் தரவும்.
2. 19.11.2025க்குள் ஆளனுப்பிப் பொருளைப் பார்வையிடவும். பெட்டி, தெர்மாகோல், டேப், உடைந்த சில்லு எல்லாம் வந்தபடியே எடுத்து வைத்திருக்கிறது.
3. பீளமேட்டிலிருந்து பாலக்காடு ஹப் வரை ஸ்கேன் பதிவையும் ஹப்பின் சிசிடிவி பதிவையும் அழியாமல் வைக்கவும். பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும் என்பதால் இதை இன்றே செய்ய வேண்டும்.
4. 5,850 ரூபாயும் கூரியர் கட்டணம் 420 ரூபாயும், ஆக 6,270 ரூபாய், 30.11.2025க்குள் தரவும். அதே மாடல் புதியது கொடுத்தாலும் சம்மதம். உருளைக்கல்லை மட்டும் மாற்றித் தருவதற்குச் சம்மதமில்லை.

ரசீதின் பின்பக்கம் உள்ள "100 ரூபாய் மட்டுமே பொறுப்பு" என்ற வரியைக் காட்ட வேண்டாம். அறிவித்த மதிப்புக்கு ரிஸ்க் கட்டணம் வாங்கியது நீங்கள். அனுப்பியவர்தான் கிளெய்ம் செய்ய முடியும் என்றும் திருப்பி விட வேண்டாம். அவருடைய சம்மதக் கடிதம் இணைப்பில் இருக்கிறது. சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007, பிரிவு 16 சொல்லும் எழுத்து அறிவிப்பாகவும் (புக்கிங் நாளிலிருந்து 180 நாளுக்குள்) இக்கடிதத்தைக் கொள்ளவும். இதன் அச்சுப்படி பதிவுத் தபாலில் தனியாக வருகிறது. 30ஆம் தேதி தாண்டினால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், பிறகு பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் பதிவு செய்வேன். புக்கிங் கோவையில் நடந்திருந்தாலும், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்.

இணைப்பு: பில், ரசீதின் இரு பக்கம், பெட்டியின் ஆறு பக்கப் படங்கள், சேதப் படங்கள் 5, பிரித்த வீடியோ (3 நிமிடம் 40 நொடி, வெட்டாதது), வாட்ஸாப் உரையாடலின் ஸ்கிரீன்ஷாட், அனுப்பியவரின் சம்மதக் கடிதம்.

இப்படிக்கு,
டாக்கெட்டில் உள்ள பெறுநர்
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பார்வையிட வருபவர் காலை பத்து மணிக்கு மேல் வரலாம். முந்தைய நாள் போனில் சொல்லிவிட்டு வரவும்.