முன்னறிவிப்பின்றிப் பணிநீக்கம்: மேல்முறையீடு

அனுப்புநர்: தரவு உள்ளீட்டாளர் (ஒப்பந்தம்), கணக்குப் பிரிவு
பெறுநர்: இயக்குநர்

ஐயா,

ஓராண்டு ஒப்பந்தத்தில் ஏழு மாதம் பணிபுரிந்த நிலையில், கடந்த 14ஆம் தேதி மாலை 'நாளை முதல் பணிக்கு வர வேண்டாம்' என்ற ஒருவரிக் கடிதம் தரப்பட்டது. காரணம் எதுவும் அதில் இல்லை. அன்று பிற்பகல் வரை மாதக் கணக்கைத்தான் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

இடையில் விடுவிப்பதானால் 30 நாள் எழுத்துமூல முன்னறிவிப்போ அதற்கு ஈடான ஊதியமோ தர வேண்டும் என்கிறது நியமன ஆணையின் 6ஆம் நிபந்தனை. இரண்டும் தரப்படவில்லை. 9ஆம் நிபந்தனைப்படி முன்னறிவிப்பின்றி நீக்கலாம்தான். ஆனால் விசாரணையில் ஒழுங்கீனம் நிரூபணமானால் மட்டுமே. எனக்கு இதுவரை ஒரு குறிப்பாணைகூட வந்ததில்லை.

எனவே, பணிநீக்கத்தை ரத்து செய்து மீண்டும் பணியில் சேர்க்க வேண்டுகிறேன். இயலாதெனில் 30 நாள் ஊதியமும் அனுபவச் சான்றும் வழங்க வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
தரவு உள்ளீட்டாளர்

இணைப்பு: நியமன ஆணை, பணிநீக்கக் கடிதம் (நகல்கள்)