புள்ளிவிபரவியல்: புத்தகம் பார்த்து எழுதும் பரீட்சைக்கு ஒரு பக்கத் தாள்

தம்பி, சூத்திரங்கள் எல்லாம் புத்தகத்தில் இருக்கின்றன. எந்தக் கேள்விக்கு எந்தச் சூத்திரம் என்பதை மண்டபத்தில் இருந்து தேடத்தான் நேரம் போதாது. அதனால் இந்தத் தாளில் ஒவ்வொரு சூத்திரத்தோடும் அது எப்போது செல்லும், எப்போது செல்லாது என்று எழுதியிருக்கிறேன். முதலில் நிபந்தனையை வாசி, பொருந்தினால் மட்டும் எண்களைப் போடு. இடங்கள் நம்ம திருகோணமலை. எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை.

புத்தகத்தில் ஒட்டியவை: மஞ்சள் தாள் z அட்டவணை, பச்சை t, நீலம் கைவர்க்கம்.

கேள்வியை வாசித்ததும் பார்

தரவு எண்ணிக்கையா (எத்தனை பேர், எத்தனை மீன்), அளவா (எடை, நேரம், வெப்பநிலை)? கேட்பது ஒரு பொருளைப் பற்றியா, பலவற்றின் சராசரியைப் பற்றியா? σ தந்திருக்கிறார்களா, அல்லது மாதிரியிலிருந்து கணித்த s மட்டும்தானா? இவை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

விலகல்

s² = Σ(x − x̄)² / (n − 1)
σ² = Σ(x − μ)² / N

கையில் இருப்பது மாதிரி என்றால் n − 1. முழுக் குடித்தொகையும் கையில் இருந்தால் N. கன்னியாவில் இருப்பதே ஏழு வெந்நீர்க் கிணறுகள்தான். அந்த ஏழின் வெப்பநிலைகள் தங்களுக்குள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று மட்டும் கேட்டால் 7 ஆல் வகு. ஒரே கிணற்றை ஏழு காலைகளில் அளந்து, அந்தக் கிணறு பொதுவாக எப்படி என்று கேட்டால் அது மாதிரி, 6 ஆல் வகு. இரண்டிலும் எண்கள் ஏழுதான், கேள்விதான் வேறு.

ஒன்றிரண்டு மிகப் பெரிய எண்கள் இருந்தால் (மீன் விலை, வருமானம்) இடையைவிட இடையம் நல்லது. காரணத்தை ஒரு வரியில் எழுது.

நிகழ்தகவு

P(A ∪ B) = P(A) + P(B) − P(A ∩ B): எப்போதும் செல்லும். இரண்டும் ஒன்றாக நடக்கவே முடியாது என்றால் மட்டும் கடைசி உறுப்பு பூச்சியம்.

P(A ∩ B) = P(A) × P(B): சுயாதீனமாக இருந்தால் மட்டும். கேள்வியில் அது சொல்லப்பட்டிருக்க வேண்டும், அல்லது நிலைமையிலிருந்து தெளிவாகத் தெரிய வேண்டும். மார்கழியில் மழை பெய்வதும் கடல் கொந்தளிப்பதும் சுயாதீனமல்ல. இரண்டும் ஒரே வடகீழ்ப் பருவக்காற்றோடு வருபவை. சுயாதீனம் இல்லாவிட்டால் P(A ∩ B) = P(A | B) × P(B).

கவனம்: ஒன்றாக நடக்க முடியாதவை வேறு, சுயாதீனமானவை வேறு. இரண்டுக்கும் நிகழ்தகவு பூச்சியத்தைவிடக் கூட என்றால் ஒரே சோடி இரண்டு வகையாகவும் இருக்க முடியாது.

பேயசு

P(A | B) = P(B | A)P(A) / [ P(B | A)P(A) + P(B | A′)P(A′) ]

ஒரு திசையில் தந்து மறுதிசையில் கேட்டால் இது. நோய் உள்ளவருக்குச் சோதனை காட்டும் நிகழ்தகவு 0.9, நோய் இல்லாதவருக்குத் தவறாகக் காட்டும் நிகழ்தகவு 0.05 என்று வை. காய்ச்சலோடு வருபவர்களில் 20% பேருக்கு டெங்கு என்றால், சோதனை காட்டிய ஒருவருக்கு உண்மையில் டெங்கு இருக்கும் நிகழ்தகவு 0.18 / 0.22 = 0.818. டெங்கு 2% பேருக்குத்தான் என்றால் அதே சோதனைக்கு 0.018 / 0.067 = 0.269. சோதனை மாறவில்லை, யாருக்குச் செய்கிறோம் என்பதுதான் மாறியது. P(A) தராவிட்டால் இந்தச் சூத்திரத்தைத் தொடாதே. மர வரைபடம் கீறினால் பிழை வராது.

ஈருறுப்புப் பரம்பல்

P(X = r) = nCr · pʳ · (1 − p)ⁿ⁻ʳ; இடை np, மாறற்றிறன் np(1 − p)

நான்கும் இருக்க வேண்டும்: n முன்னரே தெரியும், ஒவ்வொன்றுக்கும் இரண்டே விளைவு, p மாறாது, ஒன்று மற்றதைப் பாதிக்காது. பிழை வருவது மூன்றாவதில்தான். கொட்பேயில் இறக்கிய ஒரு பெட்டியில் 20 மீன், அதில் 4 பழுது. திருப்பிப் போடாமல் 3 எடுத்தால், ஒவ்வொரு முறையும் p மாறுகிறது. அங்கே ஈருறுப்பு செல்லாது:

P(X = r) = KCr · (N−K)C(n−r) / NCn

பழுது ஒன்றும் வராத நிகழ்தகவு 16C3 / 20C3 = 560/1140 = 0.491. ஈருறுப்பு என்று போட்டால் 0.8³ = 0.512 வரும், கிட்டத்தட்டச் சரிபோலத் தெரியும், ஆனால் பிழை. எடுப்பது மொத்தத்தில் 10 சதவீதத்துக்கும் குறைவு என்றால் ஈருறுப்பைப் பாவிக்கலாம். ஒரு பெட்டியில் மூன்று எடுப்பதும் ஒரு லொறியில் மூன்று எடுப்பதும் ஒன்றல்ல.

புவசோன் பரம்பல்

P(X = r) = e^(−λ) λʳ / r!; இடையும் மாறற்றிறனும் λ

ஒரு நேரத்தில் அல்லது ஓர் இடத்தில் எத்தனை தடவை நடக்கும் என்ற கேள்விக்கு. வீதம் மாறாமல் இருக்க வேண்டும், நிகழ்ச்சிகள் தனித்தனியே வர வேண்டும். அவசர சிகிச்சைப் பிரிவுக்கு மணித்தியாலத்துக்கு 3 பேர் வந்தால், 20 நிமிடத்துக்கு λ = 1; ஒருவரும் வராத நிகழ்தகவு e⁻¹ = 0.368. λ ஐக் கேள்வியின் நேரத்துக்கு மாற்றிய பிறகே சூத்திரத்துக்குப் போ. ஒரு வான் விபத்தில் எட்டுப் பேர் ஒன்றாக வந்தால் நிபந்தனை உடைந்துவிடும். பஸ் நிலையத்திலிருந்து கொழும்பு பஸ்கள் நேர அட்டவணைப்படி புறப்படுகின்றன. அதற்கும் புவசோன் பொருந்தாது.

தரவு தந்து பொருந்துமா என்று கேட்டால் இடையையும் மாறற்றிறனையும் ஒப்பிட்டுப் பார். மாறற்றிறன் இடையின் பல மடங்கு என்றால் பொருந்தாது.

n பெரிது, p சிறிது என்றால் (n ≥ 50, np ≤ 5 அளவில்) ஈருறுப்புக்குப் பதில் λ = np.

செவ்வன் பரம்பல்

ஒரு பொருள்: z = (x − μ) / σ
n பொருட்களின் இடை: z = (x̄ − μ) / (σ/√n)

இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் கேள்வி முழுவதும் போய்விடும். கருவாட்டுப் பைகள், μ = 500 கிராம், σ = 10. ஒரு பை 495 இலும் குறைவாக இருக்க: z = −0.5, நிகழ்தகவு 0.3085. 25 பைகளின் சராசரி 495 இலும் குறைய: z = −2.5, நிகழ்தகவு 0.0062. “சராசரி”, “இடை”, “மாதிரி” என்ற சொல்லைக் கண்டால் √n ஐ நினை.

ஒரு பொருளுக்கான சூத்திரத்துக்கு, குடித்தொகையே செவ்வனாக இருக்க வேண்டும். இடைக்கான சூத்திரத்துக்கு அது செவ்வன் என்றால் எந்த n உம் சரி. இல்லாவிட்டால் n ≥ 30 அளவு வேண்டும். மிகவும் ஒரு பக்கம் சாய்ந்த தரவென்றால் 30 உம் போதாது.

ஈருறுப்பை செவ்வனாக மாற்ற np, n(1 − p) இரண்டும் 5 ஆவது இருக்க வேண்டும். அரை திருத்தம் மறக்காதே: X ≥ 20 என்றால் 19.5 இலிருந்து, X > 20 என்றால் 20.5 இலிருந்து.

z ஆ, t ஆ

σ தந்திருந்தால் z. s மட்டும் என்றால் t, அட்டவணையில் n − 1 வரிசை. n சிறிதென்றால் தரவு கிட்டத்தட்டச் செவ்வனாக இருக்க வேண்டும். ஒரே ஒரு எண் தனியே விலகி நின்றாலும் அதைக் குறிப்பிடு.

x̄ ± t · s/√n

n = 16, x̄ = 52, s = 8 என்றால் t = 2.131, 95% நம்பிக்கை ஆயிடை 52 ± 4.26. விளக்கத்தில் “μ இதற்குள் இருக்க நிகழ்தகவு 95%” என்று எழுதாதே. இதே முறையில் திரும்பத் திரும்ப மாதிரி எடுத்தால் 95 சதவீதமான ஆயிடைகள் μ ஐ அடக்கும் என்று எழுது.

விகிதசமம்: p̂ ± 1.96 √[ p̂(1 − p̂)/n ], np̂ உம் n(1 − p̂) உம் 10 ஆவது இருந்தால். சோதனையில் வர்க்கமூலத்துக்குள் p̂ அல்ல, சூனியக் கருதுகோளின் p₀.

மாதிரி அளவு: n = (1.96 σ / E)². தசமம் வந்தால் எப்போதும் மேலே.

இரண்டு தொகுதிகள்

எட்டுப் படகுகள் ஒவ்வொன்றும் பழைய வலையோடும் புது வலையோடும் போய்வந்தால் அது சோடித் தரவு. வித்தியாசங்களை எடு, பிறகு ஒரு மாதிரிக் கணக்குத்தான்:

t = d̄ / (s_d/√n), வரிசை 7

நிலாவெளியில் எட்டுப் படகு பழைய வலை, மூதூரில் வேறு எட்டுப் படகு புது வலை என்றால் சோடி இல்லை:

t = (x̄₁ − x̄₂) / √(s₁²/n₁ + s₂²/n₂)

வரிசைக்கு n₁ − 1, n₂ − 1 இரண்டில் சிறியதை எடுத்தால் பாதுகாப்பு. மாறற்றிறன்கள் சமம் என்று கேள்வி சொன்னால் மட்டும் இரண்டையும் சேர்த்த s², வரிசை n₁ + n₂ − 2. இரண்டு தொகுதியிலும் எட்டு எட்டு என்பதற்காகச் சோடி என்று நினைத்துவிடாதே.

“வேறுபடுகிறதா” என்றால் இருபக்கம், “கூடியதா”, “குறைந்ததா” என்றால் ஒருபக்கம். நிராகரிக்க முடியாவிட்டால் “போதிய சான்று இல்லை” என்று எழுது. சூனியக் கருதுகோள் நிறுவப்பட்டது என்று எழுதினால் புள்ளி வெட்டுவார்கள்.

கைவர்க்கம்

χ² = Σ(O − E)²/E; E = நிரை மொத்தம் × நிரல் மொத்தம் / முழு மொத்தம்; வரிசை (r − 1)(c − 1)

எண்ணிக்கைகளுக்கு மட்டும். சதவீதம் தந்தால் முதலில் எண்ணிக்கையாக மாற்று. ஒருவர் ஒரு பெட்டியில் மட்டும் வர வேண்டும். E எல்லாம் 5 ஆவது வேண்டும் (O அல்ல, E). குறைந்தால் பொருள்படச் சேரக்கூடிய வகைகளைச் சேர். மூதூர், கிண்ணியா, பட்டினம் என்று மூன்று நிரை, கடல் மீன்பிடி, களப்பு மீன்பிடி, விவசாயம் என்று மூன்று நிரல் என்றால் வரிசை 4.

இணைபும் பிற்செலவும்

b = Sxy / Sxx, a = ȳ − b x̄, r = Sxy / √(Sxx Syy)

முதலில் புள்ளிகளைக் குறித்துப் பார். நேர்கோட்டுப் போக்கு இருந்தால் மட்டும் r பேசும். வளைவாக இருந்தால் r பூச்சியத்துக்குக் கிட்ட வந்தும் தொடர்பு இருக்கலாம். r = 0.6 என்றால் y இன் மாறலில் 36% ஐத்தான் கோடு விளக்குகிறது. x இலிருந்து y ஐ எதிர்வுகூறும் கோட்டைத் திருப்பி y இலிருந்து x ஐ எடுக்கக் கூடாது.

தரவின் எல்லைக்கு வெளியே போகாதே. மே முதல் செப்ரெம்பர் வரை, கீழ்க்கரைக் கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் காற்று வேகத்தையும் பிடிபட்ட மீனையும் குறித்துக் கீறிய கோடு, மார்கழிக் காற்றுக்குப் பதில் சொல்லாது. கேட்டால் கணித்துக் காட்டிவிட்டு, ஏன் நம்ப முடியாது என்று பக்கத்தில் எழுது. அந்த வரிக்குப் புள்ளி உண்டு.

அட்டவணை திறக்காமல்

z: ஒருபக்கம் 5% 1.645, 1% 2.326, இருபக்கம் 5% 1.960, 1% 2.576
χ² 5%: வரிசை 1 இல் 3.841, 2 இல் 5.991, 3 இல் 7.815, 4 இல் 9.488