ஹோம் சிக்னல் 1: இன்டர்லாக்கிங் விவரத்தின் தமிழாக்கம்

ரயில் நிலையத்துக்குள் நுழைய அனுமதி தரும் சிக்னல் 1 இயல்பாகச் சிவப்பில் இருக்கும். மெயின் லைனுக்கு வழி அமைக்க, தடம் பிரியும் இடமான பாயிண்ட் 11 நேர்நிலையிலும், லூப் லைனுக்கு மாற்றுநிலையிலும் இருக்க வேண்டும். நாக்குத் தண்டவாளம் பக்கத்துத் தண்டவாளத்தோடு ஒட்டிப் பொருந்தியதையும், பூட்டு விழுந்ததையும் தனித்தனியே உறுதிசெய்த பிறகே சிக்னல் மாறும். பாயிண்ட் மோட்டார் ஓடி நின்றது மட்டும் சான்றாகாது.

தடத்தில் ரயில் இருக்கிறதா என்று மின்சாரத்தால் கண்டறியும் டிராக் சர்க்யூட் 101, 102 இரண்டும், நுழையும் லைனின் டிராக் சர்க்யூட்டும் காலியாக இருக்க வேண்டும். தடம் காலியாக இருக்கையில் ரிலேவுக்கு மின்சாரம் கிடைக்கும். ரயில் ஏறினால் சக்கரமும் அச்சும் இரு தண்டவாளங்களையும் இணைப்பதால் ரிலே விழுந்துவிடும். கம்பி அறுந்தாலும் மின்சாரம் நின்றாலும் அப்படியே விழும்; அப்போதும் தடத்தில் ரயில் இருப்பதாகவே கொள்ளப்படும். பாயிண்ட் 11 அமைந்துள்ள 102இல் ரயில் இருக்கும்வரை அந்தப் பாயிண்ட் நகராது.

மெயின் லைனில், ரயில் நிலையத்தை விட்டுப் புறப்பட அனுமதி தரும் ஸ்டார்ட்டர் சிக்னல் சிவப்பானால் சிக்னல் 1 மஞ்சள். ஸ்டார்ட்டர் அனுமதி தந்தால் பச்சை. லூப் லைனுக்கு மஞ்சளும் வழிகாட்டி விளக்கும். அந்த விளக்கு எரியாவிட்டால் சிக்னல் சிவப்பிலேயே நிற்கும்.

மொழிபெயர்ப்பாளர் குறிப்பு: மூலத்தில் தடத்துக்கும் சிக்னலுக்கும் ‘கிளியர்’ என்ற ஒரே சொல் வருகிறது. தடத்துக்குக் ‘காலி’, சிக்னலுக்கு ‘அனுமதி’ என்று பிரித்திருக்கிறேன். தடம் காலி என்பது ரயில் செல்லலாம் என்ற உத்தரவு அல்ல; இரண்டையும் ஒரே சொல்லால் எழுதுவது ஆபத்து. தயவுசெய்து திருத்தும்போது இதை மாற்ற வேண்டாம்.