மூட்டை முகப்பில் சத்து எண்கள் மாறியிருப்பது குறித்து

பெறுநர்: விற்பனை மேலாளர் அவர்கள்
நாள்: 12.06.2025

ஐயா, வணக்கம்.

சென்ற திங்களன்று தாங்கள் அனுப்பிய 60 மூட்டை காம்ப்ளக்ஸ் உரம், லாட் எண் 417, வந்து சேர்ந்தது. எடையிலும் தையலிலும் குறையில்லை. முகப்பில் அச்சிட்டிருக்கும் எண்களில்தான் சந்தேகம். மூன்று படங்களை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

முதல் படம் மூட்டையின் முகப்பு. பெரிய எழுத்தில் 12-16-32 என்று இருக்கிறது. தூசியைத் துடைத்துவிட்டுத்தான் எடுத்தேன். மடிப்போ மை கசிவோ இல்லை. இரண்டாவது படம் அதே மூட்டையின் கீழ்ப்பகுதியில் உள்ள சத்து அட்டவணை. அதில் தழைச்சத்து 12, மணிச்சத்து 32, சாம்பல் சத்து 16 சதவீதம். தங்கள் பில்லிலும் 12-32-16 என்றே இருக்கிறது. மூன்றாவது படத்தில் லாட் எண் தெரியும். பிரித்துப் பார்த்த எல்லா மூட்டைகளிலும் இதே கதைதான்.

ஆக, கடைசி இரண்டு எண்கள் இடம் மாறியிருக்கின்றன என்று நினைக்கிறேன். எப்படிக் கூட்டினாலும் 60 வருவதால் அச்சகத்தில் யார் கண்ணிலும் படாமல் போயிருக்கலாம். ஆக்சைடு கணக்கைத் தனிமக் கணக்காக மாற்றியதால் வந்த வித்தியாசமோ என்றும் பார்த்தேன். P2O5 32 என்பது தனிமமாக ஏறத்தாழ 14, K2O 16 என்பது ஏறத்தாழ 13. அப்படியானால் 12-14-13 என்றல்லவா வர வேண்டும்? அதுவும் பொருந்தவில்லை.

அச்சுப்பிழைதானே என்று விட்டுவிட முடியாது. அட்டவணைப்படி 50 கிலோ மூட்டையில் 16 கிலோ மணிச்சத்தும் 8 கிலோ சாம்பல் சத்தும் இருக்க வேண்டும். முகப்பை நம்பினால் இது தலைகீழ். விவசாயி பார்ப்பது முகப்பைத்தான். அடியுரமாக 16 கிலோ மணிச்சத்து வேண்டுமென்று கணக்குப் போடுகிறவர், ஒரு மூட்டை போதுமான இடத்தில் இரண்டு போடுவார். பணமும் போகும், தழைச்சத்தும் இரட்டிப்பாகும். தவிர, எண்தான் தவறா, மூட்டைக்குள் வேறு கலவை வந்துவிட்டதா என்பது எனக்குத் தெரியாது. குருணையின் நிறத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய விஷயமா இது?

இந்த லாட்டின் ஆய்வக அறிக்கையை அனுப்புங்கள். எது சரியான எண் என்பதைத் தங்கள் நிறுவனத்தின் கடிதத்தாளில் எழுதித் தாருங்கள். தொலைபேசியில் தங்கள் பிரதிநிதி, "மேலே ஸ்டிக்கர் ஒட்டி விற்றுவிடுங்கள்" என்றார். அதற்கு நான் உடன்பட மாட்டேன். தங்கள் மூட்டையில் என் கையால் எண்ணைத் திருத்தினால், நாளை கேள்வி வரும்போது பதில் சொல்ல வேண்டியவன் நான். உள்ளே இருப்பது அட்டவணைப்படிதான் என்று அறிக்கை சொன்னால், தங்கள் ஆட்களே வந்து மூட்டைகளை மாற்றித் தரட்டும். இல்லையென்றால் முழு லாட்டையும் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி வாடகை தங்களுடையது.

இந்த லாட்டில் 4 மூட்டைகள் விற்றுவிட்டன. வாங்கிய இருவரிடமும் இன்னும் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். விதைப்பு நெருங்குவதால் அவர்கள் வெகுநாள் காத்திருக்க மாட்டார்கள். மீதி 56 மூட்டைகளைக் கிடங்கில் தனியே அடுக்கி, விற்பனையை நிறுத்தியிருக்கிறேன். பதில் வரும்வரை இந்தப் பில்லுக்கான தொகையையும் நிறுத்தி வைக்கிறேன். முந்தைய பில்களுக்கு உரியது வழக்கம்போல் வந்து சேரும்.

வரும் திங்களுக்குள் பதில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உரக்கடை உரிமையாளர்

இணைப்பு: படங்கள் 3, பில் நகல் 1