மூலதன வரவுசெலவு ஒப்படைப்பு: எம்பிராய்டரி மெஷினா, நிட்டிங் மெஷினா?

கேள்வியின் சுருக்கம் இது. திருப்பூரில் உள்ள ஒரு பின்னலாடைத் தனியார் நிறுவனத்திடம் 40 லட்சம் ரூபாய் முதலீட்டுக்குத் தயாராக இருக்கிறது. காலியாக இருப்பது ஒரே ஒரு ஷெட். அதில் எம்பிராய்டரி மெஷின் போடலாம் (திட்டம் அ), அல்லது நிட்டிங் மெஷின் போடலாம் (திட்டம் ஆ). இரண்டுக்கும் ஆயுள் 5 ஆண்டு. ஒன்றை எடுத்தால் மற்றொன்று இல்லை. வரி போக ஆண்டுதோறும் கைக்கு வரும் ரொக்கம், லட்சம் ரூபாயில்:

| ஆண்டு | திட்டம் அ | திட்டம் ஆ |
|---|---|---|
| 0 | −40 | −40 |
| 1 | 24 | 6 |
| 2 | 16 | 10 |
| 3 | 8 | 14 |
| 4 | 5 | 17 |
| 5 | 3 | 22 |

எம்பிராய்டரிக்கு ஏற்கெனவே கையில் ஆர்டர் இருக்கிறது, அதனால் முதல் இரண்டு ஆண்டிலேயே முழு 40 லட்சமும் திரும்பிவிடுகிறது. அதன்பிறகு டிசைன் பழசாகி வரவு வற்றுகிறது. நிட்டிங்கில் நிலைமை தலைகீழ். முதலில் ஜாப் ஒர்க் மட்டுமே கிடைக்கும், வாடிக்கை சேரச் சேர வரவு ஏறும். ஐந்தாம் ஆண்டின் 22 லட்சத்தில் 6 லட்சம், மெஷினைப் பழைய மெஷினாக விற்று வரும் தொகை. இந்த 6 லட்சத்துக்குக் கடைசியில் மறுபடி வருவேன்.

தள்ளுபடி விகிதம்

முதலீட்டில் 60% வங்கிக் கடன், வட்டி 10%. நிறுவனம் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 115BAA பிரிவைத் தேர்ந்தெடுத்திருப்பதாகக் கேள்வி சொல்கிறது. அப்படியென்றால் 22% வரி, 10% கூடுதல் வரி, 4% செஸ் எல்லாம் சேர்த்து 25.17% வருகிறது. வட்டிக்கு வரிச்சலுகை உண்டு என்பதால் கடனின் உண்மையான செலவு 10 × (1 − 0.2517) = 7.48%. மீதி 40% பங்குதாரர் பணம், அவர்கள் எதிர்பார்ப்பது 18%.

0.60 × 7.48 + 0.40 × 18 = 11.69

இதை 12% என்று முழுமையாக்கிக்கொள்கிறேன். எதிர்பார்ப்பைக் கொஞ்சம் கடுமையாக வைத்துக்கொள்வது தவறில்லை.

நிகர நிகழ்கால மதிப்பு

ஒவ்வோர் ஆண்டின் வரவையும் இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கூட்டி, முதலீட்டைக் கழித்தால் வருவது இது. 12 சதவீதத்தில் தள்ளுபடிக் காரணிகள் 0.8929, 0.7972, 0.7118, 0.6355, 0.5674.

திட்டம் அ: 21.43 + 12.76 + 5.69 + 3.18 + 1.70 = 44.76. இதில் 40 போக 4.76 லட்சம்.

திட்டம் ஆ: 5.36 + 7.97 + 9.97 + 10.80 + 12.48 = 46.58. இதில் 40 போக 6.58 லட்சம்.

இரண்டும் நேர்மறை. தனித்தனியாகக் கேட்டிருந்தால் இரண்டுக்குமே சரி சொல்லியிருக்கலாம். இங்கே ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்பதால் ஆ, 1.82 லட்சம் முன்னால் நிற்கிறது.

எக்செல்லில் சரிபார்த்தபோது முதல் தடவை ஆ-வுக்கு 5.88 வந்தது. கைக்கணக்குதான் தப்போ என்று அரை மணி நேரம் அதையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். தப்பு எக்செல்லில் நான் கொடுத்த வரம்பில் இருந்தது. NPV சார்பு, வரம்பில் வரும் முதல் எண்ணையே ஓர் ஆண்டு கழித்து வருவதாக எடுத்துக்கொள்ளும். நான் 0-ஆம் ஆண்டின் முதலீட்டையும் உள்ளே சேர்த்துவிட்டதால், விடை முழுவதும் இன்னொரு முறை 1.12-ஆல் வகுபட்டிருக்கிறது. முதலீட்டை வெளியே வைத்துக் கூட்ட வேண்டும். C நெடுவரிசையில் ஆ-வின் எண்கள்:

```
=NPV(12%,C3:C7)+C2
=IRR(C2:C7)
=MIRR(C2:C7,12%,12%)
```

IRR, MIRR சார்புகளுக்கு மட்டும் 0-ஆம் ஆண்டும் வரம்புக்குள் இருக்க வேண்டும்.

அக வருவாய் விகிதம்

நிகர நிகழ்கால மதிப்பைப் பூஜ்யமாக்கும் விகிதம் எதுவோ அதுதான் இது. நேரடிச் சூத்திரம் கிடையாது. பூஜ்யத்துக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு விகிதத்தைப் பிடித்து, இடைச்செருகல் முறையில் நெருங்க வேண்டும்.

அ: 18 சதவீதத்தில் +0.59, 19 சதவீதத்தில் −0.04. ஆக 18 + 0.59/0.63, அதாவது ஏறக்குறைய 18.94%.

ஆ: 17 சதவீதத்தில் +0.28, 18 சதவீதத்தில் −0.83. ஆக 17 + 0.28/1.11, அதாவது 17.25%.

இரண்டுமே 12 சதவீதத்தைத் தாண்டுகின்றன. ஆனால் வரிசை மாறிவிட்டது. லட்சத்தில் பார்த்தால் ஆ மேல், சதவீதத்தில் பார்த்தால் அ மேல். எதை நம்புவது?

முரண்பாடு எங்கிருந்து வருகிறது

முதலீடு இரண்டுக்கும் ஒன்றேதான், ஆயுளும் ஒன்றேதான். வித்தியாசம் பணம் வரும் காலத்தில் மட்டும். ஆ-விலிருந்து அ-வைக் கழித்தால் 1 முதல் 5 ஆண்டுக்கு −18, −6, 6, 12, 19 கிடைக்கிறது. நிட்டிங்கைத் தேர்ந்தெடுப்பது என்பது, முதல் இரண்டு ஆண்டில் 24 லட்சத்தை விட்டுக்கொடுத்து அடுத்த மூன்று ஆண்டில் 37 லட்சம் வாங்குவது. இந்த வித்தியாசத்துக்கு மட்டும் அக வருவாய் விகிதம் கண்டால், 15 சதவீதத்தில் +0.06, 16 சதவீதத்தில் −0.46, ஆக 15.12%. இரண்டு திட்டங்களின் நிகர நிகழ்கால மதிப்பையும் விகிதத்துக்கு எதிரே கோடுகளாக வரைந்தால், இதுதான் அவை வெட்டிக்கொள்ளும் புள்ளி. மூலதனச் செலவு இதற்குக் கீழே இருக்கும்வரை ஆ லாபம், மேலே போனால் அ லாபம். நம்முடையது 12%. வட்டியும் பங்குதாரர் எதிர்பார்ப்பும் சேர்ந்து மூன்று புள்ளி ஏறினால்தான் முடிவு புரளும்.

அ-வின் 18.94 சதவீதம் அப்படியே கைக்கு வர வேண்டுமானால், முதல் ஆண்டில் வரும் 24 லட்சத்தை மறுபடி 18.94 சதவீதத்திலேயே எங்காவது போட்டாக வேண்டும். அப்படி ஓர் இடம் இருந்தால் இந்த நிறுவனம் இந்நேரம் அங்கே போயிருக்கும். வரும் பணத்தை 12 சதவீதத்தில் மறுமுதலீடு செய்வதாக வைத்துக்கொண்டு, MIRR சார்பு தரும் திருத்திய அக வருவாய் விகிதம் கண்டேன். அ 14.55%, ஆ 15.46%. வரிசை நிகர நிகழ்கால மதிப்போடு ஒத்துப்போகிறது.

அந்த 6 லட்சம்

இதுவரை கணக்கு ஆ பக்கம். கேள்வி இதோடு முடிந்துவிடுகிறது, ஆனால் எனக்கு உறுத்தியது மெஷினை விற்கும் விலைதான். 6 லட்சமும் வரவில்லை என்றால் ஆ-வின் மதிப்பில் 6 × 0.5674 = 3.40 குறைந்து, 6.58 என்பது 3.18 ஆகிவிடும். அ-வின் 4.76-க்குக் கீழே. அதாவது நிட்டிங்கின் முன்னிலை முழுவதும் ஐந்து ஆண்டு கழித்துக் கிடைக்கப்போகும் ஒரு பழைய மெஷின் விலையில் நிற்கிறது. எவ்வளவு வரை தாங்கும்? 1.82-ஐ 0.5674-ஆல் வகுத்தால் 3.21. வரி போக விற்பனை 2.79 லட்சத்துக்குக் கீழே இறங்கினால் அ முந்திவிடும்.

பரிந்துரை

திட்டம் ஆ, அதாவது நிட்டிங் மெஷின், ஒரு நிபந்தனையோடு. ஆர்டர் கொடுக்கும் முன் பழைய மெஷின் வாங்கி விற்கும் இரண்டு மூன்று பேரிடம், ஐந்து ஆண்டு ஓடிய இதே வகை மெஷின் இன்று என்ன விலைக்குப் போகிறது என்று விசாரிக்க வேண்டும். வரி போக 2.79 லட்சமாவது தேறும் என்று தெரிந்தால் வாங்கலாம். தேறாது என்றால் அ-வை எடுத்துக்கொள்வேன், 18.94 சதவீதத்துக்காக அல்ல, அந்த நிலையில் அதன் 4.76 லட்சம் பெரியது என்பதால்.