வேலூர்ப் புரட்சி, 1806: பயிற்சி வினாக்களும் விடைக்குறிப்பும்

பன்னிரண்டாம் வகுப்பு, வரலாறு. அரையாண்டுத் தேர்வுக்கு முன் எழுதிப் பார்க்க.
மொத்தம் 30 மதிப்பெண். நேரம் ஒரு மணி. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுதவும்.

இந்தப் பாடம் நான்கு வாதங்களை முன்வைக்கிறது. உடை உத்தரவு உடனடிக் காரணம்தான். அதற்கு முன்பே சிப்பாய்களிடம் மனக்குறை சேர்ந்திருந்தது. திப்புவின் குடும்பம் கோட்டைக்குள் இருந்தது எழுச்சிக்கு ஓர் அரசியல் முகத்தைக் கொடுத்தது. அதை மட்டும் வைத்து இளவரசர்களே சதி செய்தார்கள் என்று தீர்ப்பு எழுத முடியாது. கோட்டையை ஒரே இரவில் பிடித்தவர்களால் அதை ஒரு பகல்கூடக் காக்க இயலவில்லை. கம்பெனி கொடூரமாகத் தண்டித்தது. அதே நேரத்தில் பின்வாங்கவும் செய்தது.

எல்லா வினாக்களும் இவற்றிலிருந்தே எடுக்கப்பட்டவை. ஆண்டும் பெயரும் தெரிந்திருந்தால் மட்டும் முழு மதிப்பெண் கிடைக்காது. அவற்றைக் கொண்டு எதை நிறுவுகிறீர்கள் என்பதற்குத்தான் மதிப்பெண்.

வினாக்கள்

1. புதிய உடை விதிகள் இந்து, முஸ்லிம் சிப்பாய்கள் இருவரையும் புண்படுத்தியது எப்படி? (2)

2. "உத்தரவு வந்தது, உடனே கோட்டையில் கலகம் வெடித்தது." இந்தக் கூற்று சரியா? காரணத்துடன் எழுதுக. (3)

3. தலைப்பாகை மட்டும் மாறாமல் இருந்திருந்தால் சிப்பாய்கள் மனநிறைவோடு இருந்திருப்பார்களா? 1799 முதல் 1801 வரையிலான நிகழ்வுகளையும் படைக்குள் இருந்த நிலையையும் கொண்டு விடையளிக்க. (3)

4. "வேலூர்ப் புரட்சி திப்புவின் மக்கள் தீட்டிய சதி." இதற்கு ஆதரவான சான்றுகளையும் எதிரான சான்றுகளையும் எடைபோட்டு உங்கள் முடிவைக் கூறுக. (8)

5. சிப்பாய்களின் தோல்விக்கான காரணங்களுள் முதன்மையானது எது? ஒன்றைத் தேர்ந்து, மற்றவற்றைவிட அது ஏன் பெரிது என வாதிடுக. (5)

6. புரட்சிக்குப் பின் கம்பெனி எடுத்த நடவடிக்கைகளிலிருந்து, அது எதைக் காரணமாகக் கருதியது என்று ஊகிக்க முடிகிறது? (4)

7. வேலூரை 1857-இன் முன்னோடி என்று அழைக்கலாமா? (5)

விடைக்குறிப்பு

*வினா 1.* நெற்றியில் சமயக்குறி இடக்கூடாது, தாடி வைக்கக்கூடாது, தோலால் செய்த குஞ்சம் பொருத்திய புதிய தலைப்பாகையை அணிய வேண்டும் என்பவை விதிகள். சமயக்குறித் தடை முதன்மையாக இந்துக்களையும், தாடித் தடை முஸ்லிம்களையும் தாக்கின. விலங்குத் தோல் இரு தரப்பினருக்கும் ஒவ்வாதது. இந்தக் கடைசி வரி இல்லாத விடைக்கு ஒரு மதிப்பெண் மட்டுமே. ஒரே பொருள் இருவரையும் ஒன்றுசேர்த்தது என்பதே வினாவின் உயிர்.

*வினா 2.* தவறு. சர் ஜான் கிரடாக் தலைமைத் தளபதியாக இருந்தபோது 1805 நவம்பரில் விதிகள் வந்தன. புரட்சி 1806 ஜூலை 10 அதிகாலையில் நடந்தது. இடையே மே மாதத்தில் வேலூரிலேயே சிப்பாய்கள் புதிய தலைப்பாகையை மறுத்தார்கள். சிலருக்குக் கசையடி விதிக்கப்பட்டது. ஜூன் மாதத்தில் முஸ்தபா பெக் என்ற சிப்பாய் தந்த முன்னெச்சரிக்கையும் அலட்சியப்படுத்தப்பட்டது. தேதிகளுக்கு ஒன்று, மே மறுப்புக்கு ஒன்று, எச்சரிக்கைக்கு ஒன்று.

*வினா 3.* 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு இறந்தார். அதே ஆண்டு கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801-இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். கர்நாடகத்தின் ஆட்சி கம்பெனியின் கைக்குப் போனது. படைக்குள் இந்தியச் சிப்பாய்க்குக் குறைந்த ஊதியம். உயர் பதவிக்கு வழியில்லை. வெளியே நடந்தவற்றுக்கு இரண்டு, படை நிலைக்கு ஒன்று. நிகழ்வுகளைப் பட்டியலிட்டு, அவை சிப்பாயை எப்படித் தொட்டன என்று சொல்லாத விடைக்கு ஒரு மதிப்பெண் குறையும்.

*வினா 4.* மாணவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. பலரும் இப்படி எழுதுகிறார்கள்: "திப்புவின் மக்கள் கோட்டையில் இருந்தார்கள். மைசூர்க் கொடி ஏற்றப்பட்டது. எனவே அவர்களே சதி செய்தார்கள்." முதல் இரண்டு வாக்கியங்களும் உண்மை. மூன்றாவது அவற்றிலிருந்து பிறக்கவில்லை. இந்த விடைக்கு 8-இல் 3 தரலாம்.

ஆதரவான சான்றுகள் (3): 1799-க்குப் பின் திப்புவின் குடும்பம் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டிருந்தது. திப்புவின் மகள் ஒருவரின் திருமணம் நடந்த வேளையில்தான் எழுச்சி நிகழ்ந்தது. ஆட்கள் கூடுவதற்கு அது வசதியான மறைப்பு. சிப்பாய்கள் மைசூர்க் கொடியை ஏற்றி, திப்புவின் மகன் ஃபதே ஹைதரை அரசராக அறிவித்தார்கள்.

எதிரான சான்றுகள் (3): மே மாதத்து மறுப்பு தலைப்பாகையைப் பற்றியது. வேலூரில் மட்டும் இந்தக் கொதிப்பு இல்லை. இளவரசர்கள் எவரும் இல்லாத ஹைதராபாத்திலும் சிப்பாய்கள் புதிய தலைப்பாகையை எதிர்த்தார்கள். மாணவர் எடுத்துவைக்கக்கூடிய மிக வலுவான சான்று இதுதான். கண்டுபிடித்து எழுதியவரைத் தயங்காமல் பாராட்டலாம். எழுச்சி வெடித்த பிறகு இளவரசர்கள் முன்வந்து தலைமை ஏற்கத் தயங்கினார்கள் என்பதும் சேரும்.

முடிவு (2): எந்தப் பக்கம் நின்றாலும் மதிப்பெண் உண்டு; எதிர்த்தரப்பின் வலுவான சான்றுக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும். மாதிரி முடிவு: "குறை சிப்பாய்களுடையது, அரச குடும்பம் அதற்கு ஒரு கொடியையும் பெயரையும் தந்தது. குடும்பத்தைச் சார்ந்த சிலர் தூண்டியிருக்கலாம் என்றாலும், தூண்டுதல் பலிக்கும் அளவுக்குக் கோபத்தை உண்டாக்கியது கம்பெனியின் உத்தரவே."

*வினா 5.* ஏற்கத்தக்கவை: கோட்டையைப் பிடித்ததும் பலர் கொள்ளையில் இறங்கிக் கலைந்தது, ஒரே தலைமை இல்லாதது, ஆங்கிலேயக் குதிரைப்படை இருந்த ஆற்காட்டுக்குச் செய்தி போவதைத் தடுக்காதது, ஆங்கிலேயரின் 69-ஆம் ரெஜிமெண்டில் உயிர் தப்பியவர்களை மதில் மீது விட்டுவைத்தது. கோட்டைத் தளபதி கர்னல் ஃபேன்கோர்ட் கொல்லப்பட்டும் கோட்டை கைவிட்டுப் போனது இவற்றால்தான்.

நான் தேர்வெழுதினால் ஆற்காட்டைத்தான் எடுப்பேன். அது சுமார் 25 கிலோமீட்டர் தூரம். கோட்டைக்கு வெளியே இருந்த ஆங்கிலேய அதிகாரி ஒருவர் மூலம் செய்தி போனது. கில்லஸ்பி குதிரைப்படையுடன் காலையிலேயே வந்துசேர்ந்தார். பீரங்கிகள் வந்ததும் கதவைத் தகர்த்தார்கள். அந்தச் சாலை அடைபட்டிருந்தால் மற்றக் குறைகளைச் சரிசெய்ய நேரம் கிடைத்திருக்கும். காரணத்துக்கு 1, விளக்கத்துக்கு 2, ஒப்பீட்டுக்கு 2. ஒப்பீடு இல்லாமல் நான்கையும் வரிசையாக எழுதியவருக்கு 3-க்கு மேல் இல்லை.

*வினா 6.* இரண்டையும் காரணமாகக் கருதியது. திப்புவின் குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பியது சதி அச்சத்தைக் காட்டுகிறது (1). உடை விதிகளைத் திரும்பப் பெற்றதும், கிரடாக்கையும் ஆளுநர் பெண்டிங்கையும் திருப்பி அழைத்ததும் தன் நிர்வாகத்தின் பிழையை ஒப்புக்கொள்வதாகும் (2). சிலரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டதும் தூக்கிலிட்டதும், சம்பந்தப்பட்ட பட்டாளங்களைக் கலைத்ததும் அச்சுறுத்தலுக்காக (1).

*வினா 7.* ஒற்றுமை (2): தலைப்பாகையின் தோல் அங்கே, கொழுப்புத் தடவிய தோட்டா இங்கே, ஃபதே ஹைதர் அங்கே, பகதூர் ஷா இங்கே. வேற்றுமை (2): வேலூரில் சண்டை ஒரு நாளுக்குள் ஒரு கோட்டைக்குள் முடிந்தது, 1857-இல் அது வட இந்தியா முழுவதும் பரவி அடுத்த ஆண்டும் நீடித்தது, சிப்பாயல்லாத மக்களும் சேர்ந்தார்கள். முடிவு (1). இரண்டுக்கும் இடையே நேரடித் தொடர்பு இருந்ததாக எழுதினால் அந்த ஒரு மதிப்பெண் கிடையாது. 51 ஆண்டு இடைவெளியில் ஒரே வகைப் பிழையைக் கம்பெனி மறுபடியும் செய்தது என்று எழுதினால் உண்டு.